அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் வேலை: படிப்பு, பதிவு, ப்ரோபைத் தொடும் உரிமை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் சென்டரில் வேலைக்கு வருகிறவர்களும், பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கப் போகும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்து எழுதியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ப்ளஸ் டூ முடிச்சிருக்கேன். அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் ஆகணும்னா என்ன படிக்கணும்?

அல்ட்ராசவுண்டை மட்டும் குறிவைத்துப் படிக்காதீர்கள். ரேடியாலஜி முழுவதையும் சொல்லித்தரும் படிப்பில் சேருங்கள். இரண்டு வருட டிப்ளமோ ரேடியோ டயக்னாசிஸ் டெக்னாலஜி ஒரு வழி. மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ரேடியோகிராஃபி அண்டு இமேஜிங் டெக்னாலஜி இன்னொரு வழி. இரண்டிலும் எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ ஆகியவற்றோடு அல்ட்ராசவுண்டும் பாடமாக வரும்.

எக்ஸ்ரேயிலும் சிடியிலும் கருவியை இயக்குவது டெக்னீஷியன்தான். டாக்டர் அப்புறம் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். அங்கே உங்கள் படிப்புக்கு முழு வேலை இருக்கிறது. அல்ட்ராசவுண்டில், பேஷண்டின் உடலில் வைத்துப் படம் எடுக்கும் கைக்கருவியான ப்ரோபை இந்தியச் சட்டம் டாக்டர் கையில் கொடுத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'சோனோகிராஃபி டிப்ளமோ' மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சோனாலஜிஸ்ட், சோனோகிராஃபர், டெக்னீஷியன் மூணும் ஒண்ணுதானே?

இல்லை. பிசிபிஎன்டிடி சட்டம் என்று எல்லோரும் சொல்லும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், கருவின் பாலினம் அறிந்து கலைப்பதைத் தடுக்க வந்தது. 'சோனாலஜிஸ்ட்' யார் என்று அந்தச் சட்டத்திலேயே வரையறை உண்டு. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பட்டம் பெற்றவர், அல்லது அல்ட்ராசவுண்ட், இமேஜிங், ரேடியாலஜி ஆகியவற்றில் முதுநிலைத் தகுதி பெற்றவர். நடைமுறையில் எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே யாரும் இதற்குள் வரமாட்டார்கள்.

சோனோகிராஃபர் என்பது அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் தனித் தொழில். அங்கே மருத்துவப் பட்டம் இல்லாதவரும் பயிற்சி பெற்று முழு ஸ்கேனையும் எடுக்கலாம். அந்தப் பெயரைத்தான் இங்கே சில நிறுவனங்கள் டிப்ளமோ சான்றிதழில் அச்சடித்துத் தருகின்றன. பெயர் வந்துவிட்டது, கூடவே வர வேண்டிய உரிமை வரவில்லை.

ஆறு மாச அல்ட்ராசவுண்ட் ட்ரெயினிங்னு விளம்பரம் பார்த்தேன். கவர்மென்ட்டே அங்கீகரிச்சதுன்னு சொல்றாங்க. சேரலாமா?

ஆறு மாதப் பயிற்சி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 2014இல் அதற்கென்றே தனி விதிகள் வந்தன: 300 மணி நேரம், முடிவில் தகுதித் தேர்வு. ஆனால் அது எம்பிபிஎஸ் முடித்துப் பதிவு பெற்ற டாக்டர்களுக்கு மட்டும். முதுநிலை ரேடியாலஜி படிக்காத டாக்டர் அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டுமானால் அந்த வழியாக வர வேண்டும்.

விளம்பரங்கள் இந்த 'ஆறு மாதத்தை' எடுத்துக்கொண்டு, யாருக்கு என்பதை விட்டுவிடுகின்றன. சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சான்றிதழைக் காட்டினால் என் பெயரை ஸ்கேன் செய்பவராக பிசிபிஎன்டிடி பதிவில் சேர்ப்பார்களா?" நேர் பதில் வராது. "நிறைய பேர் வேலை பார்க்கிறாங்க" என்றுதான் சொல்வார்கள்.

அப்போ சட்டப்படி யார்தான் ஸ்கேன் செய்யலாம்?

பிசிபிஎன்டிடி சட்டத்தின் கீழ் வந்த 1996ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாவது விதியைப் பார்க்க வேண்டும். போதுமான அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவர், ரேடியாலஜி அல்லது இமேஜிங்கில் முதுநிலைப் பட்டமோ டிப்ளமோவோ பெற்ற டாக்டர், மேலே சொன்ன ஆறு மாதப் பயிற்சி முடித்த டாக்டர். சுருக்கமாக இவ்வளவுதான். அந்த வரியில் 'டிப்ளமோ' என்ற சொல்லைப் பார்த்துவிட்டுச் சிலர் அது தங்களுடையது என்று நினைக்கிறார்கள். அது எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் படிக்கும் டிஎம்ஆர்டி போன்ற டிப்ளமோ. ப்ளஸ் டூவுக்கு மேல் படிப்பது அல்ல.

ஆறு மாதப் பயிற்சி விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை கொடுத்தது. அந்த வழக்கே எந்த டாக்டர் ஸ்கேன் பார்க்கலாம் என்பதைப் பற்றியதுதான். டெக்னீஷியன் பார்க்கலாமா என்ற கேள்வி அதில் எழவே இல்லை.

கர்ப்பிணிக்குத்தானே அந்தச் சட்டம்? வயிறு, கிட்னி, தைராய்டு ஸ்கேன் நான் எடுத்தா என்ன தப்பு?

அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பதில் நியாயமும் உண்டு. ஸ்கேன் விவரங்களைப் பதியும் எஃப் படிவம் கர்ப்பிணிகளுக்கு மட்டும்தான். ஆனால் சென்டரின் பதிவு கருவியைப் பொறுத்தது. கருவின் பாலினத்தைக் காட்டும் திறனுள்ள எந்தக் கருவி இருந்தாலும் அந்த இடம் பதிவு பெற வேண்டும், அதில் வேலை செய்பவருக்கு முன்பு சொன்ன தகுதி வேண்டும். அந்தத் தகுதி விதி, கர்ப்பிணிக்கு ஒன்று, கிட்னிக் கல்லுக்கு ஒன்று என்று பிரித்துப் பேசவில்லை. தகுதியில்லாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது, சம்பளம் இல்லாமல்கூட அவர் சேவையைப் பெறக் கூடாது என்று சட்டத்தின் மூன்றாவது பிரிவு சொல்கிறது.

இரண்டாவது சிக்கல் ரிப்போர்ட். 'பித்தப்பையில் 8 மில்லிமீட்டர் கல்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது நோயைக் கண்டறிவது, அதாவது மருத்துவத் தொழில். பதிவு பெறாதவர் அதைச் செய்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஒரு வருடம் வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது.

டாக்டர் பக்கத்து ரூம்லதான் இருக்கார். அவர் மேற்பார்வையில நான் ப்ரோப் பிடிக்கலாம்ல?

விதிகளில் 'டாக்டர் மேற்பார்வையில் டெக்னீஷியன் ஸ்கேன் செய்யலாம்' என்ற வரி இல்லை. எக்ஸ்ரேயில் பழகிய முறையை அப்படியே இங்கே கொண்டுவருவதால்தான் இந்த எண்ணம் வருகிறது.

ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வெறும் சட்டப் பிடிவாதம் இல்லை. எக்ஸ்ரே பிலிமில் என்ன விழுந்ததோ அது எல்லோருக்கும் தெரியும். அல்ட்ராசவுண்டில் ப்ரோப் போகாத இடம் படத்திலேயே இருக்காது. இருபது வாரக் கருவின் தலையளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு ஆகியவற்றை அளக்க, கை பழகிய டெக்னீஷியன் சில மாதங்களில் கற்றுக்கொள்வார். மூன்று அளவும் வாரத்துக்குச் சரியாகப் பொருந்தும். சேமித்த படங்கள் அழகாக இருக்கும். இதயத்திலிருந்து இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றனவா என்று மட்டும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பக்கத்து ரூம் டாக்டர் பத்துப் படத்தைப் பார்த்து 'நார்மல்' என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் குறை எந்தப் படத்திலும் இல்லை, எடுக்காமல் விட்டதில் இருக்கிறது.

அப்போ ஸ்கேன் சென்டர்ல எனக்கு என்னதான் வேலை?

நிறைய இருக்கிறது, அதுவும் சென்டர் சிக்கலில் மாட்டாமல் ஓடுவது பெரும்பாலும் இந்த வேலையால்தான். பேஷண்டைத் தயார் செய்வது முதல் வேலை. மேல்வயிற்று ஸ்கேனுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் வந்திருக்கிறாரா, அடிவயிற்று ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்பியிருக்கிறதா என்று டாக்டர் உள்ளே வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சாப்பிட்டு வந்தால் பித்தப்பை சுருங்கிவிடும், குடலில் காற்று மறைக்கும். அந்த ஸ்கேன் பாதி வீண்.

அடுத்தது ப்ரோப் சுத்தம். வயிற்றின் மேல் வைக்கும் ப்ரோபில் ஒவ்வொரு பேஷண்டுக்குப் பிறகும் ஜெல்லைத் துடைத்துக் கிருமிநாசினி போட்டால் பெரும்பாலும் போதும். உள்ளே வைத்துப் பார்க்கும் ப்ரோபுக்கு உறை போட்டிருந்தாலும் உறை கிழிந்திருக்கலாம் என்ற கணக்கில், உயர்நிலைக் கிருமிநீக்கத் திரவத்தில் சொன்ன நேரம் வரை ஊற வைக்க வேண்டும். எந்தத் திரவம், எவ்வளவு நேரம் என்பது ப்ரோப் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் இருக்கும். கிடைத்ததை ஊற்றினால் ப்ரோபின் ரப்பர் முகம் வெடிக்கும். உறை போடும் முன் லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று கேட்பதும் உங்கள் வேலைதான்.

பிறகு கருவியில் பெயர், வயது, கடைசி மாதவிடாய் தேதி போடுவது, டாக்டர் சொல்லச் சொல்ல அளவுகளையும் ரிப்போர்ட்டையும் தட்டச்சு செய்வது, படங்களைச் சேமிப்பது, ஊசி போட்டுச் சதை எடுக்கும்போது உதவுவது, எஃப் படிவம், மாத அறிக்கை.

எஃப் படிவம் நான் நிரப்பலாமா? கையெழுத்து யார் போடணும்?

விவரங்களை நீங்கள் எழுதலாம். பேஷண்டின் பெயர், முகவரி, உயிரோடு இருக்கும் குழந்தைகள் எத்தனை, அவர்களின் வயது, யார் அனுப்பினார், எத்தனை வாரம், எந்தக் காரணத்துக்காக ஸ்கேன் என்பதெல்லாம். அனுப்பிய டாக்டரின் சீட்டை அதோடு இணைத்து வைக்க வேண்டும். கர்ப்பிணியின் உறுதிமொழியில் அவரே கையெழுத்துப் போட வேண்டும், கைநாட்டு என்றால் சாட்சி வேண்டும். டாக்டரின் உறுதிமொழியில் ஸ்கேன் செய்த டாக்டர் மட்டும்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

மாதம் முழுவதற்குமான படிவங்களில் டாக்டரிடம் முன்கூட்டியே வெறும் கையெழுத்து வாங்கி அடுக்கி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தக் கட்டு உங்கள் மேசை இழுப்பறையில் இருந்தால், சோதனையின்போது முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். படிவத்தில் குறை இருந்தாலே சட்டத்தை மீறியதாகக் கருதப்படும், மீறவில்லை என்று நிரூபிப்பது ஸ்கேன் செய்தவர் பொறுப்பு. "எழுத்துப் பிழைதானே" என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2019இல் ஏற்கவில்லை. பதிவேடுகளை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். வழக்கு நடந்தால் அது முடியும் வரை. மாத அறிக்கை அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் போக வேண்டும்.

பேஷண்ட் ஊர்லேர்ந்து வந்து காத்திருக்காங்க, டாக்டர் வரல. "நீயே எடுத்து வை, சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடறேன்"னு போன்ல சொல்றார். என்ன செய்யறது?

எடுக்காதீர்கள். என்ன நடக்கும் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு டாக்டர் ஒரு மாவட்டத்தில் அதிகபட்சம் இரண்டு சென்டர்களில்தான் பதிவு செய்துகொள்ளலாம், எங்கே எந்த நேரம் என்பதையும் குறிப்பிட வேண்டும். உங்கள் சென்டரில் அவருக்குக் காலை 9 முதல் 12 வரை, மாலை 5 முதல் 7 வரை. இன்னொரு ஆஸ்பத்திரியில் 1 முதல் 4 வரை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மதியம் 2.10க்கு 22 வாரக் கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்துச் சேமிக்கிறீர்கள். சாயங்காலம் அவர் வந்து படிவத்திலும் ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடுகிறார். காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு.

இரண்டு மாதம் கழித்து அதிகாரிகள் வருகிறார்கள். எஃப் படிவக் கட்டிலிருந்து நாலைந்தை உருவி, அதே பெயர்களைக் கருவியில் திறக்கிறார்கள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதியும் நேரமும் இருக்கிறது. 14:10. அந்த நேரத்தில் டாக்டர் இன்னொரு ஆஸ்பத்திரியில் பேஷண்ட் பார்த்ததற்கு அங்கே ரிஜிஸ்டர் உண்டு. அப்படியானால் ப்ரோப் யார் கையில் இருந்தது? அன்றைய வருகைப் பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. கருவிக்கு சீல் வைப்பார்கள். குற்றச்சாட்டு பதிவானால் டாக்டரின் பெயர் மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். உங்களுக்கு என்ன என்பது அடுத்த கேள்வியில்.

சரி, அந்த நேரத்தில் செய்யக்கூடியது என்ன? பேஷண்டின் விவரங்களை எழுதி, அடுத்த நேரம் கொடுத்து, ரத்தப்போக்கு, கடுமையான வலி என்றால் ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பிவிடுங்கள். டாக்டருக்கு "ஸ்கேன் எடுக்கவில்லை, 5.30க்கு வரச் சொல்லியிருக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். அந்தச் செய்தி ஒருநாள் உங்களுக்கு உதவும்.

கேஸ் வந்தா டாக்டர் மேலயும் ஓனர் மேலயும்தானே வரும்? நான் சம்பளத்துக்கு வேலை பாக்கறவன்.

அப்படி இல்லை. பிசிபிஎன்டிடி சட்டத்தின் 23ஆவது பிரிவு சென்டரின் உரிமையாளரையும், அங்கே வேலை செய்பவரையும், தொழில்நுட்பச் சேவை தருபவரையும் சேர்த்தே சொல்கிறது. முதல் முறை மூன்று வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி என்றால் ஐந்து வருடம், 50,000. ஜாமீனில் விட முடியாத குற்றம், சமரசம் செய்துகொள்ளவும் முடியாது. "ஓனர் சொன்னார், செய்தேன்" என்று சொல்லி இதிலிருந்து தப்பிக்க முடியாது.

சொந்தக்காரங்க "பையனா பொண்ணா, நீ மட்டும் சொல்லு"ன்னு கேக்கறாங்க.

வாயால் மட்டுமல்ல, சைகையாலோ வேறு எந்த விதத்திலோ சொல்வதும் குற்றம். திரையைப் பார்க்க வாய்ப்புள்ள எல்லோருக்கும் இது பொருந்தும். கேட்டவர்களிடம் பாலினம் சொல்வது குற்றம் என்ற பலகையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

2021 சட்டத்துல டெக்னீஷியன்களுக்கும் கவுன்சில் வந்துடுச்சே. அதுல 'சோனோகிராஃபர்'னு பேரே இருக்கு. இனி ஸ்கேன் செய்யலாம்தானே?

பெயர் இருப்பது உண்மை. தேசிய அலைட் மற்றும் ஹெல்த்கேர் தொழில்களுக்கான ஆணையச் சட்டம், 2021இன் அட்டவணையில் ரேடியாலஜி, இமேஜிங் டெக்னாலஜிஸ்ட் பிரிவுக்குள் எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, மேமோகிராம் ஆகியவற்றோடு டயக்னாஸ்டிக் மெடிக்கல் சோனோகிராஃபரும் வருகிறார். மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் சேர்ப்பது உங்களுக்கு நல்லது, முடிந்ததும் செய்யுங்கள்.

ஆனால் அந்தப் பதிவு நீங்கள் என்ன படித்தீர்கள் என்பதற்கு அங்கீகாரம். ஸ்கேன் சென்டரில் ப்ரோபைப் பிடிக்கும் தகுதி பிசிபிஎன்டிடி விதியின் பட்டியலிலிருந்து வருகிறது. யார் யார் என்று மேலே சொன்ன அந்தப் பட்டியலில் டெக்னாலஜிஸ்ட்டைச் சேர்த்துத் திருத்தம் வரும் வரை நிலைமை பழையதுதான். இன்னொன்று: அலைட் ஹெல்த் டிப்ளமோவுக்கு இந்தச் சட்டம் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு வருடம் என்கிறது. ஆறு மாதச் சான்றிதழை நம்பிச் சேர்ந்தவர்களுக்கு இங்கேயும் இடமில்லை.

நானே ஒரு ஸ்கேன் சென்டர் ஆரம்பிச்சா? டாக்டரை வேலைக்கு வச்சுக்கிறேன்.

ஆரம்பிக்கலாம். தகுதியுள்ளவராக இருக்கும் அல்லது தகுதியுள்ளவரை வேலைக்கு வைக்கும் 'எவரும்' விண்ணப்பிக்கலாம் என்றுதான் விதி இருக்கிறது. ஏ படிவத்தில் விண்ணப்பம், பி படிவத்தில் சான்றிதழ், ஐந்து வருடம் செல்லும். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டப்படி தனிப் பதிவும் வேண்டும். பதிவு எண் இல்லாதவருக்குக் கருவி விற்கவே கூடாது என்பதால் முதலில் பதிவு, அப்புறம்தான் கருவி.

சறுக்கும் இடம் டாக்டர் விலகும்போது. ஆள், இடம், கருவி எது மாறினாலும் 30 நாள் முன்னதாகத் தெரிவித்துச் சான்றிதழைத் திருத்தி வாங்க வேண்டும். புது டாக்டரின் பெயர் ஏறும்வரை கருவி சும்மா நிற்கும், தவணை மட்டும் ஓடும். அந்த இடைவெளியில்தான் "இன்னைக்கு மட்டும் நானே" என்ற ஆசை வரும். இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் இரண்டு டாக்டர்களையாவது பதிவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஸ்கேன் ரூம்ல ரேடியேஷன் இருக்குமா? பேட்ஜ் போடணுமா?

அல்ட்ராசவுண்டில் இல்லை, அது ஒலி அலை. கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் எக்ஸ்ரே, சிடி பக்கம் வேலை செய்வோருக்கு.

எக்கோ டெக்னீஷியனெல்லாம் ஆஸ்பத்திரியில இருக்காங்களே?

அது இதய நோய்ப் பிரிவில், கார்டியாக் டெக்னாலஜி என்ற வேறு படிப்பு. ரேடியாலஜி டிப்ளமோவை வைத்து அங்கே நுழைய முடியாது. எக்கோ கருவிக்கும் பதிவு தேவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வெளிநாடு போனா சோனோகிராஃபரா வேலை கிடைக்குமா? இங்கே மூணு வருஷம் ஸ்கேன் எடுத்த அனுபவம்னு லெட்டர் வாங்கிட்டுப் போலாமா?

வேலை இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் சொந்த நிபந்தனைகள் உண்டு. அமெரிக்காவில் ஏஆர்டிஎம்எஸ் தேர்வுகள். பிரிட்டனில் பெரும்பாலும் முதுநிலை அளவிலான அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி. வளைகுடாவில் சான்றிதழ் சரிபார்ப்பும் கணினித் தேர்வும். பல இடங்களில் டிப்ளமோவைவிடப் பட்டத்துக்குத்தான் மதிப்பு என்பதால், வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே பி.எஸ்சி. எடுங்கள்.

லெட்டர் விஷயத்தில் கவனம். 'தனியாக 5,000 ஸ்கேன் செய்தார்' என்று சென்டர் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தால், சட்டத்தை மீறியதற்கு இரண்டு பேரும் சேர்ந்து எழுத்தில் சாட்சி கொடுத்த மாதிரி ஆகிறது. சரிபார்க்கும் நிறுவனம் அந்த லெட்டரை உறுதி செய்யச் சொல்லி சென்டருக்கே அனுப்பும், அப்போது பெரும்பாலான ஓனர்கள் "நாங்கள் அப்படி எழுதவில்லை" என்பார்கள். உங்கள் விண்ணப்பம் பொய்ச் சான்றிதழ் என்று நின்றுவிடும். எக்ஸ்ரே, சிடியில் நீங்கள் இயக்கிய கருவிகள், அல்ட்ராசவுண்டில் செய்த உதவி வேலைகள், சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று உள்ளபடியே எழுதி வாங்குங்கள். சிடி அனுபவம் ஒன்றே பல இடங்களில் கதவைத் திறக்கும். ப்ரோபை அங்கே போய் முறைப்படி பயிற்சி எடுத்துப் பிடிக்கலாம்.